மனிதவளத் துறை யாருக்குப் பதில் சொல்கிறது? வடசென்னைத் தொழிலாளரும் சாதிப் புகாரும்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் தொழிற்பகுதியில் ஆலை வாயில்களின் தோற்றம் மாறிவிட்டது. கணக்குப் பிள்ளையும் 'டைம் ஆபீசும்' இருந்த இடத்தில் இன்று 'எச்.ஆர்.' என்ற பலகை தொங்குகிறது. குறை இருந்தால் அங்கே சொல்லலாம் என்று வேலையில் சேரும் முதல் நாளே சொல்லப்படுகிறது. ஊதியம் குறைந்தால் அங்கே போகிறோம். மேற்பார்வையாளர் சாதி சொல்லி இழிவுபடுத்தினாலும் அங்கேதான் போகிறோம். முதல் வகைப் புகார் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தீர்கிறது. இரண்டாம் வகைப் புகாரோடு போனவர் பல நேரங்களில் தாமே இடம் மாற்றப்படுகிறார், அல்லது வேலையை இழக்கிறார். ஒரே மேசை இரண்டு புகார்களை ஏன் இரண்டு விதமாக நடத்துகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

மனிதவள அலுவலரின் தனிப்பட்ட நல்லெண்ணத்தையோ தீய எண்ணத்தையோ கொண்டு இதை விளக்க முடியாது. அத்துறை நிறுவனத்தின் உறுப்பு. சட்டம் நிறுவனத்தை எந்த இடத்தில் பொறுப்பாக்குகிறதோ அங்கே அது விரைந்து இயங்கும். சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில் அதுவும் மௌனமாகிவிடும், அல்லது புகார் சொன்னவரையே சிக்கலாகக் கருதும். சாதி அந்த இரண்டாவது இடத்தில் இருக்கிறது.

பின்னி ஆலை சொல்லும் பாடம்

இந்தப் பாடம் வடசென்னைக்குப் புதியதன்று. துறைமுகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பெரம்பூரில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நூறாண்டுகளுக்கு முன்பே அது எழுதப்பட்டது. பின்னி நிறுவனம் நடத்திய அந்த ஆலைகளின் தொழிலாளர்களே 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதுகெலும்பு. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்னணியில் நின்றனர். நிர்வாகம் கதவடைப்பாலும், உயர்நீதிமன்றத்தில் வாடியா மீது தொடுத்த வழக்காலும் சங்கத்தை எதிர்கொண்டது.

1921-இல் பெரும் வேலைநிறுத்தம் வந்தபோது தொழிலாளர் இரண்டாகப் பிரிந்தனர். முந்தைய கதவடைப்பின் பட்டினியை அனுபவித்திருந்த ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர், எம்.சி.ராஜா முதலிய தலைவர்களின் ஆலோசனைப்படி வேலைக்குத் திரும்பினர். வேலைநிறுத்தத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் சாதி இந்துக்களும் முஸ்லிம்களுமாக இருந்தனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மோதல்களிலும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் பறிபோயின. ஆதிதிராவிடர்மீது பழி சுமத்திய நீதிக்கட்சித் தலைவர்களோடு எம்.சி.ராஜாவுக்கு ஏற்பட்ட முறிவுக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

அதன்பின் நிர்வாகம் செய்ததை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். 1922-இல் அது தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெற்ற ஒரு குழுவை ஆலைக்குள் அமைத்தது. இந்தியாவின் தொடக்ககால ஆலைக் குழுக்களுள் ஒன்றாக அது இன்றும் குறிப்பிடப்படுகிறது. பள்ளி, மருந்தகம், குடியிருப்பு, கூட்டுறவுப் பண்டகசாலை என்று நலப்பணிகளும் நடந்தன. அவை பொய்யானவை அல்ல. பல குடும்பங்களுக்கு அவற்றால் உண்மையான பயன் கிடைத்தது. ஆனால் குறை சொல்லும் இடம் ஆலைக்கு வெளியே இருந்த சங்கத்திலிருந்து ஆலைக்குள் இருந்த குழுவுக்கு மாறியது. எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று வரையறுக்கும் உரிமையும் அதனுடன் சேர்ந்து உள்ளே போனது.

ஆதிதிராவிடத் தொழிலாளரின் நிலை இதில் தனியானது. சங்கத்தில் இருந்த சக தொழிலாளரின் சாதியுணர்வு அவர்களை நிர்வாகத்தின் பக்கம் தள்ளியது. தறிகள் ஓடுவதற்குக் கைகள் தேவைப்பட்டவரை நிர்வாகத்தின் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைத்தது. தேவையின் அடிப்படையில் கிடைத்த பாதுகாப்பை உரிமை என்று சொல்ல முடியாது. இன்றைய மனிதவளத் துறையை எடைபோடும்போதும் இந்த வேறுபாட்டை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நல அலுவலரும் மனிதவள அலுவலரும்

இத்துறையின் சட்ட வேர் தொழிலாளர் நல அலுவலர் என்ற பதவியில் இருக்கிறது. வேலைக்கு ஆள் எடுப்பதில் மேஸ்திரிகளின் கையூட்டையும் கெடுபிடியையும் ஒழிக்க, தொழிலாளர் அலுவலர்களை நியமிக்குமாறு 1931-இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம் பரிந்துரைத்தது. பின்னர் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49-ஆம் பிரிவின் வழியாக, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்திருக்கிறது.

நல அலுவலரின் ஊதியத்தை நிறுவனமே தருகிறது. ஆனாலும் பழைய மாதிரி விதிகளில் ஒரு முக்கியமான தடை இருந்தது. தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கையைக் கையாளும்படியோ, நீதிமன்றத்தில் தொழிலாளிக்கு எதிராக நிர்வாகத்தின் சார்பில் நிற்கும்படியோ நல அலுவலரை நிர்வாகம் கேட்கக்கூடாது என்பதே அந்தத் தடை. குறை கேட்பவரும் தண்டிப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பது அதன் பொருள்.

மனிதவளத் துறையில் இந்தச் சுவர் இல்லை. காலையில் உங்கள் புகாரைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் அலுவலர், மாலையில் உங்களுக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணையைத் தயாரிக்கலாம். உள்விசாரணையில் நிர்வாகத் தரப்பை எடுத்துரைப்பவராகவும் அவரே அமரலாம். எனவே 'இது நமக்குள் இருக்கட்டும்' என்று அவர் சொல்வதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. வழக்கறிஞரிடம் சொன்னதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு அவரிடம் சொன்னதற்கு இல்லை. நாம் சொன்னது அனைத்தும் நிறுவனத்தின் கோப்பு.

நிறுவனத்தில் நல அலுவலர் தனியாக இருக்கிறாரா, அல்லது அப்பதவிப் பெயரையும் மனிதவள மேலாளரே சுமக்கிறாரா என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. தனியாக ஒருவர் இருந்தால் புகாரின் ஒரு படி அவருக்கும் செல்ல வேண்டும்.

எங்கே கை நீளும், எங்கே நீளாது

மனிதவளத் துறையால் ஆகக்கூடியவை பல உண்டு. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பெயரோ பிறந்த தேதியோ தவறாக இருந்தால் அது திருத்தும். இ.எஸ்.ஐ. பதிவு விடுபட்டிருந்தால் சேர்க்கும். மிகுதிநேர ஊதியம் கணக்கில் வராமல் போனால் சரிபார்க்கும். பணிச்சான்று, ஊதியச் சீட்டு ஆகியவற்றைத் தரும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இதில் ஒரு பிடி இருக்கிறது. ஒப்பந்ததாரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை நிறுவனமே தந்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. புதிய தொகுப்பும் அந்தப் பொறுப்பைத் தொடர்கிறது. ஆகவே 'நீங்கள் எங்கள் ஆள் இல்லை' என்று சொல்லும் அதே அலுவலகம், ஊதிய பாக்கி என்று எழுத்தில் வந்தால் ஒப்பந்ததாரரை அழைத்துப் பேசுகிறது.

பாலியல் துன்புறுத்தல் புகாரிலும் சட்டம் நிறுவனத்தைக் கட்டியிருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் அதில் இடம்பெற வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அக்குழுக்களின் நடைமுறையில் குறைகள் உண்டு. ஆயினும் புகாரை எங்கே கொடுப்பது, யார் விசாரிப்பது, எப்போது முடிப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே விடை இருக்கிறது.

தனியார் நிறுவனத்தில் நடக்கும் சாதிப் பாகுபாட்டுக்கு இம்மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் தனிச் சட்டம் இல்லை. குழு இல்லை, வெளியாள் இல்லை, கால வரம்பு இல்லை. எனவே மனிதவளத் துறை அதைச் 'சக ஊழியருக்கிடையிலான மனத்தாங்கல்' என்ற தலைப்பில் பதிவு செய்ய முடிகிறது. அந்தத் தலைப்பு வந்துவிட்டால் தீர்வும் அதற்கேற்ப வருகிறது. இருவரையும் அழைத்துக் கைகுலுக்கச் சொல்வதும், புகார் சொன்னவரை வேறு ஷிப்டுக்கு மாற்றுவதும் அத்தகைய தீர்வுகளே.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று 2020 ஜூனில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் 2016-இல் நிறுவனத்தின் ஊழியர் உறவுப் பிரிவில் சாதிப் பாகுபாடு பற்றிப் புகார் செய்தார் என்றும், சாதிப் பாகுபாடு சட்டவிரோதமன்று என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது என்றும் அவ்வழக்கு கூறியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023-இல் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு திரும்பப் பெறப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. தீர்ப்பு எதுவாயினும், வழக்கில் சொல்லப்படும் அந்தப் பதில் நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. 'இது அநீதியா?' என்பதற்கு முன்பாக 'இதனால் நிறுவனத்துக்குச் சட்டச் சிக்கல் வருமா?' என்றே அந்த மேசை கேட்கிறது.

ஒரு புகாரின் பயணம்

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்ப்போம். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு. அங்கே ஒப்பந்ததாரரின் கீழ் ஒருவர் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஒரு நாள் மதிய உணவு வேளையில், கேன்டீனில் பலர் முன்னிலையில், மேற்பார்வையாளர் சாதிப் பெயரைச் சொல்லி அவரை இழிவுபடுத்துகிறார். அவர் மனிதவள அலுவலரிடம் போய் வாய்மொழியாக முறையிடுகிறார்.

முதல் தவறு இங்கேயே நேர்ந்துவிடுகிறது. வாய்மொழிப் புகாருக்குத் தேதி கிடையாது. பத்து நாள் கழித்து அவரது கேட் பாஸ் புதுப்பிக்கப்படாமல் போகும்போது, புகார் முதலில் வந்ததா, வேலைநிறுத்த முடிவு முதலில் வந்ததா என்று எவராலும் நிறுவ முடியாது. புகாருக்காகப் பழிவாங்கப்பட்டார் என்ற வாதம் முழுவதும் இந்த முன்பின் வரிசையில்தான் நிற்கிறது.

இரண்டாவது தவறு அறைக்குள் நடக்கிறது. 'இங்கேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்று மூடிய அறையில் இருவரையும் வைத்துப் பேசுகிறார்கள். அங்கே மேற்பார்வையாளர் அதே சொல்லை மறுபடியும் சொல்கிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளின்படி, இழிவுபடுத்தல் 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும். நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது நடந்தது இதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியது. 2025 ஜனவரியில், தமிழ்நாட்டின் அரசு அலுவலகம் ஒன்றில் நடந்த நிகழ்வு பற்றிய வழக்கையும் அதே காரணத்தால் ரத்து செய்தது. ஆகவே கேன்டீனில் பலர் பார்க்க நடந்ததுதான் வழக்கின் உயிர். புகாரில் அந்த நிகழ்வைச் சுருக்கி, அறைப் பேச்சை விரித்து எழுதினால் வழக்கு வலுவிழக்கும்.

மூன்றாவது தவறு கையெழுத்து. 'சமரசம் ஆகிவிட்டது' என்று ஒரு தாளும், சில நேரங்களில் 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்று இன்னொரு தாளும் நீட்டப்படும். பதவி விலகல் தாளில் கையெழுத்திட்டால் நிறுவனத்தின் வாதம் எளிதாகிவிடும். தாம் எவரையும் நீக்கவில்லை என்று அது சொல்லும். வற்புறுத்தலால் கையெழுத்திட்டவர் அன்றோ மறுநாளோ விரைவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அதை மறுத்து எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து எழுதும் மறுப்பை எளிதில் நம்பமாட்டார்கள்.

இனி அதே மனிதர் வேறு விதமாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையே ஒரு பக்கத்தில் எழுதுகிறார். நாள், நேரம், இடம் குறிக்கிறார். சொல்லப்பட்ட சொற்களை அப்படியே எழுதுகிறார். 'தகாத வார்த்தை' என்று மழுப்பவில்லை. அருகில் இருந்தவர்களைக் குறிப்பிடுகிறார். தாம் எந்தச் சமூகத்தவர் என்பது மேற்பார்வையாளருக்கு எப்படித் தெரியும் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் கீழ் தம்மை வைக்க வேண்டாம், புகாருக்காகத் தமது வேலையில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம் என்று தெளிவாகக் கேட்கிறார். படிகளை முதன்மை நிறுவனத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் விரைவு அஞ்சலில் ஒப்புகையுடன் அனுப்புகிறார்.

இந்தத் தாள் மனிதவளத் துறையை நியாயவானாக மாற்றிவிடாது. ஆனால் 'எங்களுக்குத் தெரியாது' என்று நிறுவனம் இனிச் சொல்ல முடியாது. அத்துறையிடமிருந்து சாதிப் புகாரில் நாம் உறுதியாகப் பெறக்கூடியது இதுவே. தீர்ப்பை அங்கே எதிர்பார்க்க முடியாது, பதிவைப் பெறலாம்.

வெளியே இருக்கும் கதவுகள்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. வேலைநிறுத்த உரிமையையும் பணிப் பாதுகாப்பையும் குறுக்குவன என்று தொழிற்சங்கங்கள் அவற்றை எதிர்க்கின்றன. அவ்வெதிர்ப்பில் நியாயம் உண்டு. அதே நேரத்தில் தொழில் உறவுகள் தொகுப்பில் நாம் பயன்படுத்த வேண்டிய ஓர் இடமும் இருக்கிறது.

20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை வேண்டும். விண்ணப்பத்தை 30 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உடன்படாவிட்டால் குழு முடிவெடுத்ததாகக் கொள்ள முடியாது. மனிதவள மேலாளர் தனியே கோப்பை மூடுவதைவிட இது மேலானது. ஆனால் தொழிலாளர் தரப்பில் அமர்பவர்கள் யார் என்பதைப் பொறுத்தே இதன் மதிப்பு அமையும். அந்த இருக்கைகள் அனைத்திலும் மேற்பார்வையாளரின் சாதியினரே அமர்ந்தால் 1921-இன் புளியந்தோப்பு மறுபடியும் மேசைக்கு வரும். தலித் தொழிலாளர் அக்குழுவில் இடம் கேட்க வேண்டும். சங்கங்கள் அதைத் தர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் எந்த நிறுவனத்தின் குழுவுக்குப் போவது என்ற வழக்கமான தட்டிக்கழிப்பும் வரும். இரண்டுக்கும் எழுதுவதே அதற்கு விடை.

வேலையே போய்விட்டால் சமரச அலுவலரை அணுக வேண்டும். மாநில அரசின் கீழ் வரும் நிறுவனங்களுக்குத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகம் வழிகாட்டும். சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராசர் துறைமுகமும் ஒன்றிய அரசின் வரம்பில் வருவதால், அவற்றின் தொழிலாளர் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள ஒன்றியத் தொழிலாளர் ஆணையரகத்துக்குப் போக வேண்டும். தவறான வாசலில் மனுக் கொடுத்து மாதங்களை இழப்பவர்கள் உண்டு. 45 நாட்களில் சமரசம் எட்டாவிட்டால், நீக்கப்பட்டவர் தாமே தீர்ப்பாயத்தை அணுகலாம். முன்பு இதற்கு மூன்றாண்டு அவகாசம் இருந்தது. புதிய தொகுப்பு அதை இரண்டாண்டாகச் சுருக்கியிருக்கிறது.

மனிதவளத் துறையால் தர முடியாத ஒரு பாதுகாப்பும் இங்கே உண்டு. சமரசப் பேச்சு நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறோடு தொடர்புடைய குற்றச்சாட்டைச் சொல்லித் தொழிலாளியைத் தண்டிக்க, உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி வேண்டும். வேலையில் இருக்கும்போதே சங்கத்தின் வழியாகத் தகராறு எழுப்புவதன் பயன் இதுதான்.

சாதி இழிவு குற்றம். அதற்குக் காவல் நிலையம்தான் இடம். நிறுவனத்தின் உள்விசாரணை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கை பதியும் முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு சொல்கிறது. புலனாய்வை முடித்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. காவல் நிலையம் மறுத்தால் தேசிய உதவி எண் 14566-இல் முறையிடலாம். மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்தையும் அணுகலாம்.

சாட்சிகளே இதில் பலவீனமான கண்ணி. கேன்டீனில் பார்த்தவர்களும் அதே ஒப்பந்ததாரரின் ஆட்கள்; அவர்களுடைய கேட் பாஸும் அதே கையில்தான் இருக்கிறது. ஆகவே தனி ஆளாகப் போகும் புகார் பெரும்பாலும் சாட்சியின்றி உதிர்ந்துவிடுகிறது. சங்கமோ குடியிருப்பின் அமைப்போ உடன் நிற்கும் புகார் நிலைக்க வாய்ப்பு அதிகம்.

தனியார் நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டை விசாரிக்க, வெளியார் இடம்பெறும் குழுவும் கால வரம்பும் கொண்ட சட்டம் வேண்டும் என்பது நம் கோரிக்கை. 2013-இல் பெண்கள் அதைப் போராடிப் பெற்றார்கள். அதுவரை மனிதவளத் துறையின் மேசைக்குப் போகும் தொழிலாளர் எழுதிய தாளோடு போகட்டும். முத்திரையிட்ட படியோடு திரும்பி வரட்டும். நியாயத்துக்கான அடுத்த வாசல்களைத் திறக்க அந்தப் படி தேவைப்படும்.